கைக்கு வந்த டொலர் எங்கே குறைந்தது? விமான நிலையக் காசு மாற்றும் கவுண்டரின் இரண்டு விலைகள்

புதுக்குடியிருப்புப் பக்கம் இருக்கும் ஒரு அக்கா சென்ற வருடம் இரண்டு பற்றுச்சீட்டுகளோடு என் வீட்டுக்கு வந்தார். கணவர் 2009இல் இல்லாமல் போனவர். வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீடு சுவரோடு நின்றுவிட்டது. கூரையைப் போட்டு, உள்ளே சீமெந்து பூசி முடிப்பதற்காக ரொறன்ரோவில் இருக்கும் தம்பியும் இன்னும் இரண்டு உறவினர்களும் சேர்ந்து 3,000 கனடா டொலர் சேர்த்திருந்தார்கள். தம்பி ஊருக்கு வரும்போது அதைக் கையிலேயே கொண்டு வந்தார்.

“மேசனோடை கதைச்சு ஆறரை இலட்சத்துக்குக் கணக்குப் போட்டு வைச்சிருந்தனான் அண்ணை. தம்பி தந்தது ஆறு இலட்சம். அவன் எடுத்திருக்க மாட்டான். ஆனா எங்கை போனது எண்டு தெரியேல்லை. ஒருக்கா பாருங்கோ.”

யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் ஒரு வங்கியின் வெளிநாட்டு நாணயப் பிரிவில் பல வருடங்கள் வேலை செய்தவன் நான். இந்தக் கேள்வியோடு வந்தவர்கள் பலர். அநேகமாக யாரும் களவெடுத்திருக்க மாட்டார்கள். காசு குறைந்த இடம் எல்லோர் கண்ணுக்கும் முன்னால், ஒரு பலகையில் எழுதியே இருந்திருக்கும். அந்தப் பலகையை எப்படி வாசிப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை. அக்காவின் கணக்கைக் கடைசியில் முழுமையாகப் போட்டுக் காட்டுகிறேன். கீழே வரும் விலைகள் கணக்கு விளங்குவதற்காக நான் உருட்டி எடுத்தவை. இன்றைய விலை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு டொலருக்கு இரண்டு விலை

காசு மாற்றும் எந்த இடத்துக்குப் போனாலும் ஒவ்வொரு நாணயத்துக்கும் எதிரே இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று வாங்கும் விலை, மற்றது விற்கும் விலை. சந்தைக்காரர் முதலாவதை பிட் என்றும் இரண்டாவதை ஆஸ்க் என்றும் சொல்வார்கள். இரண்டுக்கும் இடையில் உள்ள தூரம் ஸ்பிரெட். நான் இங்கே அதை இடைவெளி என்றே எழுதுகிறேன்.

இதில் பலரும் தடுமாறும் ஒரு இடம் உண்டு. பலகையில் உள்ள ‘வாங்கும்’, ‘விற்கும்’ என்ற சொற்கள் கவுண்டரின் உள்ளே இருப்பவரின் வாயிலிருந்து வருபவை. நீங்கள் டொலரைக் கொடுத்து ரூபா எடுக்கப் போகிறீர்கள் என்றால், உங்கள் கணக்கில் நீங்கள் விற்கிறீர்கள். பலகையின் கணக்கில் அவர்கள் வாங்குகிறார்கள். ஆகவே உங்களுக்குரியது வாங்கும் விலை, அதாவது இரண்டு எண்களில் சின்னது. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போகும் ஒருவர் ரூபாவைக் கொடுத்து டொலர் எடுக்கும்போது அவருக்குரியது விற்கும் விலை, பெரிய எண். குழம்பினால் ஒரு சுருக்கு வழி: இரண்டில் உங்களுக்கு நட்டமான விலை எதுவோ அதுதான் உங்களுடையது.

ஒரு வங்கியில் டொலரின் வாங்கும் விலை 300 ரூபா, விற்கும் விலை 308 ரூபா என்று வைப்போம். நடுவில் இருப்பது 304. இந்த நடுவிலை எந்தக் கவுண்டரிலும் உங்களுக்குக் கிடைக்காது. ஆனால் டொலரின் பெறுமதி என்ன என்று கேட்டால் சொல்லக்கூடிய நேர்மையான எண் அதுதான். கைத்தொலைபேசியில் தேடினால் வருவதும் ஏறத்தாழ இந்த நடுவிலைதான். “போனிலை 304 காட்டுது, இங்கை 300 தாறியள்” என்று என்னோடு சண்டை பிடித்தவர்கள் நிறையப் பேர். போன் காட்டுவது நடு. வங்கி தருவது நடுவிலிருந்து பாதி இடைவெளி கழித்த விலை.

கரைவலை இழுக்கும் இடத்தில் மீனை ஒரு விலைக்கு எடுத்து, அதையே நகரச் சந்தையில் இன்னொரு விலைக்குக் கொடுக்கும் வியாபாரியை நாங்கள் எல்லோரும் அறிவோம். கரையில் எடுத்த விலைக்கே அவர் சந்தையில் விற்க முடியாது. ஐஸ், வாகனம், பழுதாகும் மீன், இடையில் விழக்கூடிய விலை எல்லாம் அந்த வித்தியாசத்துக்குள்தான் அடங்க வேண்டும். காசு மாற்றுபவரும் அப்படித்தான். அவர் விற்கும் சரக்கு நாணயத்தாள்.

இடைவெளி எதனால் உண்டாகிறது

முதற் காரணம், வாங்குவதற்கும் விற்பதற்கும் இடையில் போகும் நேரம். காலையில் ஒருவர் 1,000 டொலர் தாள்களைக் கொடுத்துப் போகிறார். அதை வாங்க இன்னொருவர் பின்னேரம் வரலாம், அடுத்த வாரமும் வரலாம். அதுவரை அந்தத் தாள்கள் பெட்டிக்குள் இருக்கின்றன. அவற்றுக்கு வட்டி இல்லை. அதற்குள் விலை விழுந்தால் நட்டம் பெட்டியின் சொந்தக்காரருக்கு.

இந்தப் பயம் வெறும் கற்பனை அல்ல என்பதை நாங்கள் அண்மையில்தான் பார்த்தோம். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டியிருந்த டொலர், மத்திய வங்கி பிடியைத் தளர்த்தியதும் மே மாதத்தில் 350ஐத் தாண்டியது. அடுத்த வருடம் இதற்கு நேர் எதிராக நடந்தது. 2023 மார்ச் முற்பகுதியில் சில நாட்களுக்குள்ளேயே டொலர் முப்பது ரூபாவுக்கு மேல் இறங்கியது. பெட்டி நிறைய டொலர் தாள் வைத்திருந்தவருக்கு அந்த நாட்கள் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நாளைய விலை தெரியாத காலத்தில் காசு மாற்றுபவர் வாங்கும் விலையைக் கீழே இழுப்பார், விற்கும் விலையை மேலே தள்ளுவார். இடைவெளி விரியும். சந்தை அமைதியானதும் அது மெல்ல ஒடுங்கும்.

இரண்டாவது, தாளைத் தாளாகக் கையாளும் செலவு. எண்ண வேண்டும், கள்ள நோட்டா என்று பார்க்க வேண்டும், பூட்டி வைக்க வேண்டும், காப்புறுதி கட்ட வேண்டும். உள்ளூரில் வாங்க ஆள் இல்லாத தாள்கள் சேர்ந்துவிட்டால் அவற்றைக் கட்டி வெளிநாட்டுக்கு அனுப்பித்தான் பெறுமதியை எடுக்க வேண்டும். அதனால்தான் வங்கிகளின் விலைப்பட்டியலில் ஒரே டொலருக்கு நாணயத்தாள் என்று ஒரு வரிசையும், கணக்கிலிருந்து கணக்குக்கு வரும் தந்தி மாற்றுக்கு வேறொரு வரிசையும் இருக்கின்றன. தந்தி மாற்றில் எண்ணவோ பூட்டவோ எதுவும் இல்லை. ஆகவே அங்கே வாங்கும் விலை வழமையாகக் கொஞ்சம் கூட இருக்கும்.

அதே காரணத்தால்தான் நாணயத்துக்கு நாணயம் இடைவெளி வேறுபடுகிறது. அமெரிக்க டொலரைக் கொடுப்பவரும் எடுப்பவரும் நாள் முழுக்க வருவார்கள். நோர்வே குரோனரையோ டென்மார்க் குரோனரையோ எடுக்க ஆள் வருவது அரிது. வாங்கிய தாள் பெட்டிக்குள் கிடக்கும் காலம் கூடக்கூட இடைவெளியும் கூடும். ஒஸ்லோவிலிருந்து வருபவர் இதைத் தெரிந்திருப்பது நல்லது.

மூன்றாவது காரணத்தைக் கவுண்டர்காரர் உங்களுக்குச் சொல்ல மாட்டார். எனக்குத் தெரிந்து பெரிய காரணம் அதுதான். இந்த விலை பிடிக்காவிட்டால் நீங்கள் எழும்பிப் போக இன்னொரு இடம் இருக்கிறதா? கொழும்பில் காசு மாற்றும் கடைகள் அடுத்தடுத்து இருக்கும் தெருவில், ஒரு கடைக்காரர் வாங்கும் விலையை இரண்டு ரூபா குறைத்தால் நீங்கள் பத்து அடி நடந்து அடுத்த கடைக்குப் போவீர்கள். அது அவருக்கும் தெரியும். ஆகவே அங்கே இடைவெளி ஒடுங்கிப் போகிறது. நடக்க இடம் இல்லாத இடத்தில் அது விரிகிறது.

விமான நிலையத்தில் ஏன் விரிகிறது

விமான நிலையக் கவுண்டரில் இந்த மூன்று காரணங்களும் சேர்ந்து வருகின்றன. அதற்கு மேலே வாடகையும் வருகிறது.

பல பெரிய விமான நிலையங்களில் காசு மாற்றும் இடம் ஏலம் போலக் கொடுக்கப்படுகிறது. எந்தக் கம்பனி விமான நிலையத்துக்குக் கூடத் தருவதாக எழுதுகிறதோ அதற்கே இடம் கிடைக்கிறது. வருடத்துக்குக் குறைந்தது இவ்வளவு என்று ஒரு நிச்சயத் தொகையும், அதற்கு மேலே வியாபாரத்தில் ஒரு பங்கும் கட்டுவதாக ஒப்பந்தம் இருக்கும். பயணிகள் வந்தாலும் வராவிட்டாலும் நிச்சயத் தொகையைக் கட்டியே ஆக வேண்டும். விமானங்கள் இரவிலும் விடியப்புறத்திலும் வருவதால் ஆட்களை முறை வைத்து வேலைக்கு விட வேண்டும். பலவகை நாணயங்களை வைத்திருக்க வேண்டும். மாற்ற வருபவர்களில் அநேகர் சிறு தொகைக்காரர். 50 டொலர் மாற்றுபவருக்கும் 2,000 டொலர் மாற்றுபவருக்கும் ஒரே அளவு நேரமும் ஒரே கடதாசி வேலையும்தான். ஆகவே ஒவ்வொரு டொலரின் மேலும் விழும் செலவு கூடுகிறது. இந்தச் செலவுகள் எல்லாம் உண்மையானவை.

ஆனால் செலவு மட்டும்தான் காரணம் என்றால் பின்வரும் விஷயம் விளங்காது. பிரித்தானியாவில் விமான நிலையக் கவுண்டர்களில் சில, முதல் நாளே இணையத்தில் பதிவு செய்துவிட்டு வருபவருக்கு, நேரே போய் வரிசையில் நிற்பவருக்குத் தருவதை விட நல்ல விலை தருகின்றன. அதே கவுண்டர், அதே ஊழியர், அதே வாடகை, அதே தாள். வேறுபடுவது வாடிக்கையாளரின் நிலை மட்டும்தான். வீட்டிலிருந்து இணையத்தில் பார்ப்பவர் நாலு இடத்து விலையை ஒப்பிடுவார். வரிசையில் நிற்பவர் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டி வந்துவிட்டார், விமானத்துக்கு ஒரு மணித்தியாலம் இருக்கிறது, கையில் பொதி, மடியில் பிள்ளை. அவரால் திரும்பி நகரத்துக்குப் போக முடியாது. அந்த இயலாமைக்கும் விலையில் ஒரு பங்கு போடப்படுகிறது.

ஒரே கட்டடத்துக்குள் நாலைந்து கவுண்டர்கள் இருப்பதைப் பார்த்து, போட்டி இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. பல விமான நிலையங்களில் அவை எல்லாம் ஒரே கம்பனியுடையவை. எதில் கேட்டாலும் ஒரே விலைதான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கட்டுநாயக்காவில் வந்திறங்கும் பகுதியில் வெவ்வேறு வங்கிகளின் கவுண்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அடுத்த கவுண்டரின் பலகை கண்ணுக்கு முன்னாலேயே தெரியும் இடத்தில் ஒருவர் தன் விலையை அதிகம் கீழே இழுக்க முடியாது. ஆகவே அங்கே டொலர், பவுண் போன்ற நாணயங்களுக்குத் தரும் விலை நகர விலையிலிருந்து பெரிதாக விலகாமல் இருப்பதைக் காணலாம். ‘விமான நிலையத்தில் மாற்றாதே’ என்ற அறிவுரை வழமையாகச் சரி. ஆனால் எந்த விமான நிலையம், அங்கே எத்தனை பேர் உண்மையாகப் போட்டியிடுகிறார்கள் என்பதுதான் கேள்வி. நம்மவர்கள் கட்டுநாயக்காவுக்குப் பயந்து, அதற்கு முன்னால் புறப்படும் விமான நிலையத்தில் மாற்றிவிட்டு வருகிறார்கள். நட்டம் அங்கேதான் நடக்கிறது.

“கமிஷன் இல்லை” என்ற பலகை

பல கவுண்டர்களில் பெரிய எழுத்தில் கமிஷன் இல்லை என்று எழுதியிருக்கும். அது பொய் அல்ல. தனியாகக் கட்டணம் அறவிட மாட்டார்கள். எடுக்க வேண்டியதை இடைவெளிக்குள்ளேயே எடுத்துவிடுவார்கள். பற்றுச்சீட்டில் கட்டணம் பூச்சியம் என்று அடித்திருப்பதைப் பார்த்து மனம் ஆறிவிடும். கட்டணம் எங்கே என்று தேடினால் கிடைக்காது. விலையை நடுவிலையோடு ஒப்பிட்டால்தான் தெரியும்.

இடைவெளியை அளக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. 100 டொலரை அந்தக் கவுண்டரில் கொடுத்து ரூபா எடுத்து, அந்த ரூபாவை அப்போதே திருப்பிக் கொடுத்து டொலர் கேட்டால் எத்தனை டொலர் கையில் வரும்? வாங்கும் விலையை விற்கும் விலையால் பிரித்தால் விடை வந்துவிடும்.

300க்கு வாங்கி 308க்கு விற்கும் வங்கியில் 100 டொலருக்கு 30,000 ரூபா. அதை 308ஆல் பிரித்தால் 97 டொலர் 40 சதம். போய் வந்ததில் இரண்டரை டொலர் அளவு போயிற்று. இன்னொரு கவுண்டர் 285க்கு வாங்கி 322க்கு விற்கிறது என்று வைப்போம். 100 டொலருக்கு 28,500 ரூபா, திருப்பினால் 88 டொலர் 50 சதம். பதினொரு டொலருக்கு மேல் போயிற்று. இரண்டு கவுண்டரின் நடுவிலையும் ஏறத்தாழ 304தான். டொலரின் பெறுமதி பற்றி இரண்டு பேருக்கும் ஒரே கருத்து. உங்களிடம் எவ்வளவு எடுக்கலாம் என்பதில்தான் கருத்து வேறுபாடு.

நூறுக்கு 97, 98 வந்தால் தாள் மாற்றும் இடத்துக்கு அது நியாயமான இடைவெளி என்று சொல்வேன். 95க்குக் கீழே போனால் வேறு இடம் தேடுங்கள். 90க்குக் கீழே என்றால் வாகனக் காசுக்கு வேண்டியதை மட்டும் மாற்றிக்கொண்டு நடையைக் கட்டுங்கள். அரிதான நாணயங்களுக்கு இந்த அளவுகோலைக் கொஞ்சம் தளர்த்திப் பிடிக்க வேண்டும். பலகையில் ஒரு விலை மட்டும் எழுதியிருந்தால் மற்ற விலையைக் கேளுங்கள். சொல்லத் தயங்குவதும் ஒரு பதில்தான்.

அக்காவின் கணக்கு

இப்போது அந்த இரண்டு பற்றுச்சீட்டுகளுக்கு வருவோம். தம்பியிடம் யாரோ, “இலங்கையிலை அமெரிக்கன் டொலருக்குத்தான் மதிப்பு, கனடா டொலரைக் கொண்டு போகாதை” என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் புறப்படும் நாளில், சோதனையெல்லாம் முடிந்து உள்ளே போன பிறகு, விமான நிலையக் கவுண்டரில் கனடா டொலரைக் கொடுத்து அமெரிக்க டொலர் எடுத்தார். பிறகு கட்டுநாயக்காவில் அமெரிக்க டொலரைக் கொடுத்து ரூபா எடுத்தார். இரண்டு தடவை இடைவெளியைக் கடந்திருக்கிறார்.

அன்றைக்கு ஒரு அமெரிக்க டொலரின் நடுவிலை 1.36 கனடா டொலர் என்று வைத்தால், ரூபாவில் 304 என்றால், 3,000 கனடா டொலரின் முழுப் பெறுமதி 2,206 அமெரிக்க டொலர், அதாவது ஏறத்தாழ 670,500 ரூபா. இது யாருக்கும் முழுதாகக் கிடைக்காது. ஆனால் அளக்கத் தொடங்க வேண்டிய இடம் இது.

முதற் கவுண்டரில் அமெரிக்க டொலரின் விற்கும் விலை 1.50. மூவாயிரத்தை 1.50ஆல் பிரித்தால் சரியாக 2,000 அமெரிக்க டொலர். கமிஷன் பூச்சியம் என்று சீட்டில் இருந்தது. நடுவிலைப்படி 2,206 வந்திருக்க வேண்டும். அங்கே போனது 206 டொலர், ரூபாவில் 62,500 அளவு. இரண்டாவது, கட்டுநாயக்கா. அங்கே வாங்கும் விலை 300. இரண்டாயிரத்துக்கு 600,000 ரூபா. நடுவிலையோடு பார்த்தால் அங்கே போனது வெறும் 8,000 ரூபா.

அக்காவும் தம்பியும் கட்டுநாயக்காவில்தான் ஏமாந்துவிட்டதாக நினைத்திருந்தார்கள். கணக்கு வேறு கதை சொல்லிற்று. 70,500 ரூபாவில் 62,500 ரூபா விமானம் ஏறுவதற்கு முன்னாலேயே போய்விட்டது.

வேறு என்ன செய்திருக்கலாம்? கனடா டொலரை அப்படியே கொண்டு வந்து இங்கே ஒரு வங்கியில் 214 ரூபா வாங்கும் விலைக்குக் கொடுத்திருந்தால் 642,000 ரூபா. அல்லது புறப்பட முன்னரே ரொறன்ரோவில் தன் சொந்த வங்கியில் 1.40க்கு அமெரிக்க டொலர் எடுத்திருந்தால் 2,142 டொலர் வந்திருக்கும். இங்கே 300க்கு மாற்ற 642,600 ரூபா. இரண்டு வழியிலும் ஏறத்தாழ ஒரே தொகை. அமெரிக்க டொலராக மாற்றியது பிழையல்ல, இரண்டு தடவை மாற்றியதுகூடப் பெரிய பிழையல்ல. ஒரு தடவையை எங்கே வைத்து மாற்றினார் என்பதுதான் பிழை. வங்கிக் கணக்குக்கே அனுப்பியிருந்தால், தந்தி மாற்று விலை 219 என்றும் அனுப்பும் செலவு 20 கனடா டொலர் என்றும் வைத்தால், 652,600 ரூபா அளவு வந்திருக்கும். அக்கா மேசனோடு கதைத்து வைத்த ஆறரை இலட்சம் அதுதான்.

நாற்பத்திரண்டாயிரம் ரூபா வித்தியாசம் என்றால் அன்றைய விலையில் இருபது பை சீமெந்து அளவு. உள்ளே பூச வேண்டிய இரண்டு அறைகள் அப்படியே நின்றன. தம்பி திரும்பிப் போய் அடுத்த மாதம் மிச்சத்தை வங்கிக்கு அனுப்பினார்.

வரும்போதும் போகும்போதும்

இந்தக் கணக்கிலிருந்து கைக்கொள்ள வேண்டியவை சில. வருபவர் புறப்பட முதல், தன் ஊர் வங்கியில் அல்லது இணையத்தில் விலையைப் பார்க்க வேண்டும். இலங்கை மத்திய வங்கி தன் இணையத்தளத்தில் வணிக வங்கிகளின் சராசரி வாங்கும், விற்கும் விலைகளை நாளாந்தம் போடுகிறது. அது தந்தி மாற்று விலை. தாளுக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் கிடைக்கும் என்பதை மனதில் வைத்தால், கவுண்டர் சொல்லும் விலை நியாயமா இல்லையா என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கவுண்டரில் விலை என்ன என்று மட்டும் கேட்காதீர்கள். “இந்தத் தாள்களைத் தந்தால் எல்லாம் கழித்து என் கையில் எத்தனை ரூபா வரும்?” என்று கேளுங்கள். சில இடங்களில் சிறு தாள்களுக்கு விலை குறைப்பார்கள். கிழிந்த, பேனாவால் எழுதிய தாள்களை எடுக்க மறுப்பார்கள். தாளைக் கொடுத்த பிறகு இது தெரிய வருவதை விட முதலே தெரிவது நல்லது.

எடுத்த ரூபாவில் மிச்சம் இருந்தால் அதைத் திருப்பி மாற்றும்போது இடைவெளியின் மறுபாதியையும் கட்டுகிறீர்கள். ஆகவே தேவைக்கு மேலே மாற்றாதீர்கள். ஒரு வாரம் கழித்து இன்னும் கொஞ்சம் மாற்றுவதில் நட்டம் இல்லை. பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். போகும்போது ரூபாவைத் திருப்பி மாற்றுவதற்கு அதைக் கேட்பார்கள்.

இங்கிருந்து வெளிநாட்டுக்குப் போகும் பிள்ளைகளுக்கும் இதே கணக்குத்தான், திசை மட்டும் மாறும். பார்க்க வேண்டியது விற்கும் விலை. கடவுச்சீட்டையும் பயணச்சீட்டையும் கொண்டுபோய் இரண்டு மூன்று நாள் முன்னரே வங்கியில் எடுத்துவிட்டால், போய் இறங்கும் நாட்டின் விமான நிலையத்தில் அவசரத்துக்கு மாற்ற வேண்டி வராது.

உண்டியல் பற்றியும் கேட்பீர்கள். அங்கே இடைவெளி சில வேளைகளில் வங்கியை விட ஒடுக்கமாக இருப்பது உண்மை. வாடகையும் இல்லை, கடதாசியும் இல்லை. ஆனால் பற்றுச்சீட்டும் இல்லை. மத்திய வங்கியின் அனுமதி இல்லாமல் நடப்பது சட்டத்துக்குப் புறம்பானது. நடுவில் நிற்பவர் இல்லாமல் போனால் எங்கே போய் முறையிடுவீர்கள்? காணி வாங்கவோ வீடு கட்டவோ வந்த காசு என்றால், அது எங்கிருந்து வந்தது என்று காட்ட ஒரு துண்டுக் கடதாசிகூட இருக்காது. அனுமதி பெற்ற காசு மாற்றுபவர்களின் பட்டியலை மத்திய வங்கி வெளியிடுகிறது. அதில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

கடைசியாக அக்காவிடம் நான் சொன்னதையும் இங்கே எழுதுகிறேன். போர்க்காலத்தில் வன்னிக்குள் காசு வந்து சேர்வதே பெரிய விஷயமாக இருந்தது. எத்தனை கை மாறியது, ஒவ்வொரு கையிலும் எவ்வளவு குறைந்தது என்று யாரும் கேட்கவில்லை. வந்ததே போதும் என்று வாங்கி வைத்தோம். அந்தப் பழக்கம் இன்னும் எங்களை விட்டுப் போகவில்லை. அனுப்புபவரிடம் விலை கேட்பது நன்றி கெட்ட வேலை என்று நினைக்கிறோம்.

அக்காவுக்கும் அந்தக் கூச்சம் இருந்தது. தம்பியிடம் கேட்டால் அவன் சந்தேகப்படுவதாக நினைத்துவிடுவானோ என்றுதான் என்னிடம் வந்திருந்தார். கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அதைத் தம்பிக்குப் படமெடுத்து அனுப்பினார். அடுத்த நாளே தம்பி என்னோடு கதைத்தார். ரொறன்ரோவிலிருந்து இன்னொரு உறவினர் அடுத்த கிழமை புறப்படுகிறாராம், அவர் எங்கே மாற்ற வேண்டும் என்று கேட்டார்.